லாபம், ரெண்டு, மூணு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை மகள் வந்திருந்தாள். ஆனையூர்ப் பக்கம் அரிசிக் கடை வைத்து ஆறு மாதம்தான் ஆகிறது. காபியைக் குடித்து முடித்தவள், கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். "மாமா, இதைக் கொஞ்சம் பாருங்க. லாரி வாடகை எங்கேயோ இடிக்குது."

கண்ணாடியைத் தேடி எடுத்துப் போடுவதற்குள் சீட்டின் வாசனை மூக்கில் ஏறிவிட்டது. புழுங்கல் அரிசியின் வாசனை. மடிப்புக்குள் மாவு மாதிரி மெல்லிய தவிடு ஒட்டியிருந்தது. சிப்பத்தின் வாயில் செருகி அனுப்பியிருப்பார்கள் போல. அந்தத் தவிட்டை விரலால் தேய்த்தபோது ஆனையூரும் ஞாயிற்றுக்கிழமையும் எங்கோ போய்விட்டன. கீழமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், மங்கலான பல்பின் கீழே, கணக்கு மேசையில் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தேன். யாரோ தோளைத் தட்டினார்கள். "தம்பி, வண்டி வந்திருச்சு."

அரிசி மண்டியில் எனக்கு அது முதல் மாதம். டீசல் லிட்டர் இருபது ரூபாயைத் தொடாத காலம் அது. எங்களுக்குச் சரக்கு தஞ்சாவூர்ப் பக்கத்து ஆலை ஒன்றிலிருந்து வரும். பகலில் அந்தத் தெருக்களுக்குள் லாரி நுழைய முடியாது. அதனால் திருச்சி, விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் என்று வந்து, ஊர் அடங்கிய பிறகுதான் சந்து முனையில் நிற்கும். வண்டிக்குள் ஏறி நின்று மேஸ்திரி ஒவ்வொரு மூட்டையாகத் தள்ளிக்கொடுப்பார். கீழே ஐந்து பேர் முதுகைக் காட்டி வாங்குவார்கள். முதல் மூட்டை தோளில் உட்காரும்போது யாரும் 'ஒன்று' என்று சொல்வதில்லை. "லாபம்" என்பார் மேஸ்திரி. அடுத்தது "ரெண்டு". மரக்காலால் நெல் அளந்த காலத்து வழக்கம், லாரிக்கும் வந்து சேர்ந்திருந்தது.

என் வேலை மேசையில். ஐந்து மூட்டைக்கு நாலு கோடும் ஒரு குறுக்குக் கோடும் போட வேண்டும். இறக்கி முடிந்ததும் லாரி வாடகையைக் கணக்குப் போட்டு, ஆலையில் கொடுத்த அட்வான்ஸைக் கழித்து, மீதியை டிரைவர் கையில் கொடுக்க வேண்டும். இறக்கு கூலியை மேஸ்திரியிடம் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். பெருக்கலும் கழித்தலும் தெரிந்த எவனும் செய்யலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

கணக்கை முதலாளி இப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். "முதல்ல ஒரு டன்னுக்கு என்னன்னு பாரு. அப்புறம் எத்தனை டன்னுன்னு பாரு. எல்லாத்தையும் ஒண்ணாப் பெருக்காதே, தப்பு வந்தா எங்கே வந்துச்சுன்னு தெரியாது." தஞ்சாவூர் ஆலை வாசலிலிருந்து எங்கள் மண்டி வாசல் வரை 190 கிலோமீட்டர் என்பது பேச்சு. டன்னுக்கு, கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். 190-ஐ ஒன்றரையால் பெருக்கினால் 285. ஒரு டன் அரிசி ஆலை வாசலைவிட்டு எங்கள் வாசலுக்கு வந்து சேர 285 ரூபாய். இந்த எண்ணை ஒரு தடவை போட்டுச் சுவரில் எழுதி வைத்துவிட்டால் போதும். வாடகைப் பேச்சு மாறும்வரை அதை மறுபடி போட வேண்டியதில்லை.

190 கிலோமீட்டர் என்று முன்கூட்டியே பேசி வைப்பதற்கும் காரணம் உண்டு. தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டை, திருமயம், திருப்பத்தூர் வழியாக வந்தால் சுமார் இருபது கிலோமீட்டர் குறையும். திருச்சி வழி சுற்று என்றாலும் சாலை நல்லது என்று டிரைவர்கள் அதைத்தான் விரும்புவார்கள். பேசி வைக்காத மண்டிகளில் இந்த இருபது கிலோமீட்டருக்காகப் பின்னிரவு இரண்டு மணிக்குச் சண்டை நடப்பதைப் பார்த்திருக்கிறேன். பத்து டன் வண்டிக்கு அது முந்நூறு ரூபாய் வித்தியாசம். வண்டி எந்த வழியில் ஓடினாலும் பேசிய தூரம்தான் கணக்கு. இரவில் வண்டி எங்கெங்கே நின்று எங்கே சுற்றி வந்தது என்று எவரும் மீட்டரைப் பார்க்கப் போவதில்லை.

அந்த இரவு வந்தது 134 மூட்டை. மேஸ்திரியின் குரலும் என் கோடுகளும் ஒத்துப்போயின. 26 கட்டும் மேலே நாலு கோடும். மகிழ்ச்சியோடு கணக்கைத் தொடங்கினேன். அதற்கு முந்தின வாரம் முழுக்க வேறு ஓர் ஆலையிலிருந்து குவிண்டால் மூட்டைதான் இறங்கியிருந்தது. பத்து மூட்டை ஒரு டன் என்பது கையில் பழகிவிட்டது. 134 மூட்டை என்றதும் பேனா தானாக 13.4 என்று எழுதியது. 13.4-ஐ 285-ஆல் பெருக்கினேன். 3,819 ரூபாய். ஆலையில் கொடுத்த அட்வான்ஸ் 2,000 போக மீதி 1,819. எண்ணி எடுத்துக் கொடுத்தேன்.

டிரைவர் ஐம்பதைத் தாண்டியவர். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, நோட்டுகளை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். பிறகு மேசைமேலேயே வைத்துவிட்டார்.

"தம்பி, எத்தனை டன்னு போட்டீங்க?"

"பதிமூணு புள்ளி நாலு, அண்ணே."

"இந்த வண்டி பதிமூணு டன்னு தாங்காது, தம்பி. பட்டை உடைஞ்சு துவரங்குறிச்சியிலேயே உக்காந்திருக்கும்."

சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து எடை மேடைச் சீட்டை எடுத்துக் காட்டினார். சரக்கோடு வண்டி 15,960 கிலோ. வெறும் வண்டி 5,800. ஆக, ஏறியிருந்தது 10,160 கிலோ. பிறகு என்னை எழுப்பி, இறக்கி அடுக்கிய மூட்டை ஒன்றின் அருகே கூட்டிக்கொண்டு போனார். சாக்கின் வயிற்றில் நீல மையில் ஆலையின் முத்திரை. அதற்குக் கீழே 75 என்று பெரிதாக அச்சடித்திருந்தது. இரண்டு மணி நேரமாக அந்த எண் என் கண் முன்னால்தான் தோள் தோளாகப் போய்க்கொண்டிருந்தது. நான் பார்க்கவில்லை.

134-ஐ 75-ஆல் பெருக்கினால் 10,050 கிலோ. பத்து டன்னும் ஐம்பது கிலோவும். எடை மேடையில் கூடுதலாகத் தெரிந்த 110 கிலோ சாக்கின் கனம். சணல் சாக்கு ஒன்று முக்கால் கிலோவுக்குச் சற்று மேலே இருக்கும். எங்கள் மண்டியில் சாக்கு எடைக்கு வாடகை கிடையாது, அரிசிக்கு மட்டும்தான். 10.05-ஐ 285-ஆல் பெருக்கி 2,864 ரூபாய் 25 காசு என்று திருத்தி எழுதினேன். அட்வான்ஸ் போக 864. நான் கொடுத்ததில் 955 ரூபாய் அதிகம். அந்த மாதம் என் சம்பளம் அதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை.

அவர் பேசாமல் வாங்கிக்கொண்டு போயிருந்தால் யாருக்கும் உடனே தெரிந்திருக்காது. முதலாளி மறுநாள் சீட்டைப் பார்த்துக் கண்டுபிடித்திருப்பார், அதற்குள் வண்டி எங்கேயோ போயிருக்கும். டிரைவர் 864 ரூபாயைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, "இனிமே எடை மேடைச் சீட்டை மொதல்ல கேட்டு வாங்குங்க, தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். அவர் பெயரை நான் கேட்டு வைத்துக்கொள்ளாதது இன்றுவரை எனக்குக் குறைதான்.

காலையில் முதலாளியிடம் நானே சொன்னேன். திட்டவில்லை. ஒரு பழைய பேரேட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்து, இரண்டு கணக்கையும் கிலோவுக்கு எவ்வளவு என்று போட்டுப் பார்க்கச் சொன்னார். சரியான வாடகை 2,864. இறக்கு கூலி மூட்டைக்கு இரண்டரை ரூபாய் வீதம் 134 மூட்டைக்கு 335. இரண்டும் சேர்ந்து 3,199. அதைப் பத்தாயிரத்து ஐம்பது கிலோவுக்குப் பங்கிட்டால் கிலோவுக்கு 32 பைசா வருகிறது. என் தப்பான கணக்கில் அது 41 பைசா. வித்தியாசம் ஒன்பது பைசாதான். "கிலோவுக்குக் கால் ரூபாய்தான் நமக்கு நிக்குது. அதிலே ஒன்பது பைசாவை ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கிக் கொடுக்கப் பாத்தே" என்றார். அதன் பிறகு வண்டியிலிருந்து முதல் மூட்டை இறங்கும்போது அதன் வயிற்றைத் தொட்டு எண்ணைப் படிக்காமல் நான் ஒரு கோடும் போட்டதில்லை.

அந்த வருடங்களில் வாடகைப் பேச்சின் நெளிவு சுளிவுகளை ஒவ்வொன்றாகத்தான் தெரிந்துகொண்டேன். ஒன்றரை ரூபாய் என்பது எல்லாத் தூரத்துக்கும் பொருந்தாது என்று தெரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. ஒருமுறை நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊருக்குப் பத்து டன் அனுப்ப வேண்டியிருந்தது. அதே கணக்கில் 600 ரூபாய் என்று சொன்னேன். புரோக்கர் போனிலேயே சிரித்துவிட்டார். நாற்பது கிலோமீட்டர் ஓட இரண்டு மணி நேரம் போதும். ஆனால் சரக்கு ஏற்ற அரை நாள், இறக்க அரை நாள், முறை வருவதற்குக் காத்திருப்பு என்று வண்டிக்கு ஒரு முழு நாள் போய்விடும். சக்கரம் ஓடினாலும் நின்றாலும் டிரைவர் படியும் வண்டித் தவணையும் நிற்பதில்லை. அதனால் கிட்டத்து ஊருக்கு டன்னும் கிலோமீட்டரும் பேச மாட்டார்கள். ஒரு நடைக்கு இவ்வளவு என்று ஒரே பேச்சு. தூரம் கூடக் கூட அந்த நின்ற நேரம் நிறைய கிலோமீட்டருக்குப் பரவிவிடும். டன் கிலோமீட்டர் விலை தானாக இறங்கும்.

இறங்குவதற்கு இன்னொரு வழி திரும்பும் வண்டி. தூத்துக்குடியிலிருந்து உப்பு ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் போன வண்டி, காலியாகத் திரும்புவதைவிட மதுரைவரை அரிசி ஏற்றி வரலாமே என்று ஒன்றேகால் ரூபாய்க்குக்கூட ஒத்துக்கொள்ளும். ஒரு தடவை அப்படி ஒரு வண்டியை நானே பேசி முடித்தேன். பத்து டன்னுக்கு நானூற்றெழுபத்தைந்து ரூபாய் மிச்சம் பிடித்த பெருமை இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் அடியிலிருந்த மூட்டைகளைப் பிரித்தபோது, சாக்கின் கீழ்ப்பக்கம் கறுத்து, கை வைத்தால் பிசுபிசுத்தது. வண்டிப் பலகையின் இடுக்கில் தங்கியிருந்த உப்பு வழியெல்லாம் ஈரத்தை இழுத்திருக்கிறது. குத்தூசியைச் சாய்த்துக் குத்தி இழுத்தால், அதன் குழியில் அரிசி பொலபொலவென்று வர வேண்டும். அந்த மூட்டைகளில் இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டு வந்தது. பதினோரு மூட்டையை வெயிலில் கொட்டிக் காயவைத்து, மாவு மில்லுக்கு விலை குறைத்துத் தள்ளினோம். மிச்சம் பிடித்ததைப் போல நாலு மடங்கு போயிற்று. அதன்பின் உப்பு வண்டி என்றால் பலகையைக் கழுவிக் காயவைத்து, அடியில் தார்ப்பாய் விரித்து, அதன்மேல் வைக்கோல் பரப்பிய பிறகுதான் ஏற்றச் சொல்லுவேன்.

இறக்கு கூலிக்கு மட்டும் இந்தத் தூரக் கணக்கெல்லாம் எட்டாது. தஞ்சாவூரிலிருந்து வந்தாலும் சரி, அடுத்த தெருவிலிருந்து வந்தாலும் சரி, வண்டியிலிருந்து கிடங்கு இருபது தப்படிதான். லாரி டன்னையும் கிலோமீட்டரையும் பார்க்கும். தோள் மூட்டையை எண்ணும். அந்த நாளில் அந்த 335 ரூபாயை ஐந்து பேர் பங்கு போட்டால் தலைக்கு 67. ஒவ்வொருவரும் தூக்கியது இரண்டு டன். கனம் குறைந்த மூட்டை என்றால் எண்ணிக்கை கூடும், கூலியும் கூடும். குவிண்டால் மூட்டை என்றால் எண்ணிக்கை குறையும், மூட்டைக்குக் கூலி சற்றுக் கூடுதலாக இருந்தாலும் மொத்தம் குறைந்துவிடும். அதனால் வியாபாரிகளுக்குப் பெரிய மூட்டை பிடிக்கும். அதை ஏற்று வாங்கிய முதுகுக்குப் பிடிக்குமா என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. ஓர் ஆண் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதைக் குறைக்க வழி பார்க்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே சொல்லியிருந்தது. எங்கள் சந்தில் அதற்குப் பல வருடங்கள் கழித்தும் நூறு கிலோ ஏறிக்கொண்டுதான் இருந்தது. எங்கள் மேஸ்திரி நாற்பத்தெட்டு வயதில் நிமிர்ந்து நடக்க முடியாமல் வேலையைவிட்டார். கழுத்தின் பின்புறம் அவருக்கு ஒரு காய்ப்பு இருந்தது. கொக்கியைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு அவர் டீ குடிக்கும்போது அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

சீட்டைப் பார்க்கச் சொன்னவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா?"

"இரு" என்று காகிதமும் பேனாவும் கேட்டேன்.

அதே தஞ்சாவூர்ப் பக்கம், அதே 190 கிலோமீட்டர். எண்கள் மட்டும் வேறு. 400 சிப்பம், சிப்பம் 26 கிலோ. சிப்பம் என்றால் இருபத்தைந்து கிலோ என்றே எங்களுக்குப் பழக்கம். 2022 ஜூலை 18-லிருந்து, பைக்குள் அடைத்து முத்திரை குத்திய அரிசி 25 கிலோவரை இருந்தால் ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. என்று வந்ததும், ஆலைகள் ஒரு கிலோவைக் கூட்டி 26 ஆக்கிவிட்டன. கடையில் வாங்குகிறவர் அதைக் கவனித்தாரோ இல்லையோ, வாடகைக் கணக்குப் போடுகிறவர் கவனித்தே ஆக வேண்டும். நாற்பது சிப்பம் ஒரு டன் என்று பழைய கையில் போட்டால் 400 சிப்பம் பத்து டன். பையில் எழுதியிருப்பதைப் படித்துப் போட்டால் 10.4 டன். என் முதல் மாதத் தப்பு, இந்தத் தலைமுறைக்கு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. சீட்டில் அந்த இடம் சரியாகவே இருந்தது. 10.4 என்றுதான் போட்டிருந்தார்கள்.

டன்னுக்கு, கிலோமீட்டருக்கு நாலு ரூபாய். முதலாளி சொன்னபடியே முதலில் ஒரு டன்னுக்குப் போட்டேன். 760. பிறகு 10.4-ஆல் பெருக்கினேன். 7,904. அதுவும் சரி. அடுத்த வரியில் இறக்கு கூலி, சிப்பத்துக்கு ஏழு ரூபாய், 400-க்கு 2,800. மொத்தம் 10,704.

"கிலோவுக்கு ஒரு ரூபாய் மூணு பைசா வருது. இதிலே இடிக்கறதுக்கு ஒண்ணுமில்லையேம்மா."

"எனக்கு ஒரு ரூபாய் முப்பது பைசா வருது மாமா" என்றாள்.

"இன்னொரு தடவை போடு."

போட்டாள். பதின்மூவாயிரத்து ஐந்நூற்று நாலு ரூபாயை 10,400-ஆல் வகுத்தாள். பதின்மூவாயிரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். சீட்டில் உள்ள 10,704-ஐ ஆலைக் கணக்கில் கட்டிவிட்டாள். வண்டி கடை வாசலில் நின்றபோது, இறக்க வந்த ஆட்கள் கூலி கேட்டார்கள். சிப்பத்துக்கு ஏழு வீதம் 2,800 கையில் கொடுத்திருக்கிறாள். இறக்கியவர்களுக்குக் கொடுக்காமல் எப்படி? கொடுத்தது நியாயம்தான். ஆனால் அதே 2,800 சீட்டிலும் இருக்கிறது. ஒரே வேலைக்கு இரண்டு கூலி போய்விட்டது.

இது பழைய நோய். எங்கள் மண்டியிலும் நடந்திருக்கிறது. அரிசியின் விலை பேசும்போது 'இறக்கி' என்றும் 'வாசல்வரை' என்றும் இரண்டு சொல் உண்டு. 'இறக்கி' என்றால் கிடங்குக்குள் அடுக்குவதுவரை அனுப்புகிறவர் செலவு. கூலியை ஆலை டிரைவரிடம் கொடுத்து அனுப்பும், டிரைவர் ஆட்களிடம் கொடுப்பார், ஆலை அதைப் பில்லில் ஏற்றிக்கொள்ளும். 'வாசல்வரை' என்றால் வண்டி வந்து நிற்பதோடு அவர்கள் பாடு முடிந்தது. பில்லில் வாடகை மட்டும்தான் இருக்கும், கூலி நம் கைப்பணம். இரண்டில் எதுவானாலும் கூட்டுத்தொகை ஒன்றுதான். எதைப் பேசினோம் என்று எழுதாமல் விட்டால்தான், இடையில் இருக்கிற எவரும் பொய் சொல்லாமலேயே பணம் இரண்டு தடவை போய்விடும். எங்கள் முதலாளி ஆர்டர் சீட்டின் தலைப்பிலேயே 'இறக்கு: நாம்' அல்லது 'இறக்கு: ஆலை' என்று எழுதச் சொல்வார். அந்த ஒரு சொல்லை எழுத மறந்த நாளில்தான் மேஸ்திரிக்கும் டிரைவருக்கும் நடுவில் நான் நின்று விழித்திருக்கிறேன்.

ஆலைக்குப் போன் போட்டாள். அவர்கள் டிரைவரிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். டிரைவர் எண்ணை வாங்கிப் பேசினால், ஆட்களுக்குக் கடையிலேயே கொடுத்துவிட்டதைப் பார்த்ததாகவும், பணத்தை ஆலையில் திருப்பிக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார். ஆலையில் மறுபடி விசாரித்தால், ஆமாம், கணக்குப் பார்ப்பவர் வேறு கட்டில் வைத்துவிட்டாராம். அடுத்த பில்லில் கழித்துத் தருகிறோம் என்றார்கள். பிறகு கழித்தும் விட்டார்கள்.

அவள் போன பிறகும் அந்தக் காகிதத்தை எடுத்து வைக்க மனம் வரவில்லை. பழைய கணக்கையும் நினைவிலிருந்து அதன் பக்கத்தில் எழுதினேன். லாரி வாடகை அன்று டன்னுக்கு 285, இன்று 760. மூன்று மடங்குகூட ஆகவில்லை. டீசல் ஏறிய ஏற்றத்துக்கும், வழியில் கட்டும் சுங்கத்துக்கும் இது குறைவு என்றுதான் லாரிக்காரர் சொல்வார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. இறக்கு கூலியை டன்னுக்குப் போட்டுப் பார்த்தேன். அன்று 33 ரூபாய், இன்று 269. எட்டு மடங்கு. அன்று மொத்தச் செலவில் இறக்கு கூலி பத்தில் ஒரு பங்கு, இன்று நாலில் ஒரு பங்குக்கும் சற்று மேல்.

இதைச் சொன்னால், கூலி கட்டுப்படி ஆகவில்லை என்று கடைக்காரர்கள் அலுத்துக்கொள்வார்கள். எனக்கு அந்தக் கணக்கு வேறு மாதிரி தெரிகிறது. பத்து டன்னை இறக்க அன்று 134 முதுகு வளைய வேண்டியிருந்தது. இன்று 400 தடவை கையேந்த வேண்டியிருக்கிறது, ஆனால் ஒவ்வொரு தடவையும் 26 கிலோதான். எண்ணிக்கை மூன்று மடங்கு கூடியதில் கூலியின் ஒரு பகுதி ஏறியது. மீதி, மூட்டைக்கு இரண்டரையாக இருந்தது ஏழாக மாறியதில் ஏறியது. அதில் எதையும் வீண் செலவு என்று என்னால் எழுத முடியாது. மேஸ்திரியின் கழுத்துக் காய்ப்பை நான் பார்த்திருக்கிறேன்.

போன வாரம் அவள் கடைக்கு அடுத்த லோடு வந்தது. காலை ஏழு மணிக்கே நானும் போய் நின்றேன். ஆர்டர் சீட்டின் மேலே 'இறக்கு: நாம்' என்று அவள் கையெழுத்தில் இருந்தது. எடை மேடைச் சீட்டை டிரைவரிடம் அவளே கேட்டு வாங்கினாள். பிளாஸ்டிக் பையின் வயிற்றில் 26 என்று இருந்ததைப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினாள். கொக்கி இல்லை, பிளாஸ்டிக் பையில் குத்தினால் அப்படியே கிழிந்து அரிசி கொட்டும் என்று அதை எப்போதோ விட்டுவிட்டார்கள். சாக்கு வாசனையும் இல்லை. ஏழு பேர் வந்திருந்தார்கள். இளைஞர்கள் ஒரு நடைக்கு இரண்டு சிப்பமாகத் தலையில் வாங்கிக்கொண்டு போனார்கள். அதில் ஒருவர் மட்டும் வயதானவர், ஒன்று ஒன்றாகத்தான் வாங்கினார்.

வண்டிமேல் நின்ற பையன் முதல் சிப்பத்தைத் தள்ளிவிட்டு "ஒண்ணு" என்றான்.

அந்தப் பெரியவர் சிப்பத்தைத் தோளில் வாங்காமல் அப்படியே நின்றார். "லாபம்னு சொல்லுடா" என்றார்.

பையன் ஒரு கணம் புரியாமல் பார்த்தான். பிறகு "லாபம்" என்றான். அவர் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நானூறாவது சிப்பம் இறங்கியபோது மணி ஒன்பதரை. 2,800 ரூபாயை ஏழாகப் பிரித்தால் மிச்சமில்லாமல் தலைக்கு 400. மேசைமேல் ஏழு அடுக்காக வைத்தாள். பெரியவர் தன் பங்கை எண்ணிப் பார்க்காமல் வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, தண்ணீர் கேட்டார்.